விபிஎன் சந்தா: எத்தனை சாதனங்கள், எந்தெந்த நாடுகள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். விபிஎன் சந்தா வாங்கியவர்கள் கொண்டுவரும் சந்தேகங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களைச் சுற்றியே வருகின்றன: சாதன எண்ணிக்கை, நாடுகளின் பட்டியல். இந்த இரண்டும் புரியாததால் தேவையில்லாமல் பெரிய திட்டத்துக்கு மாறிப் பணம் கட்டுகிறவர்கள் பலர். அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். கீழே வரும் நிறுவனங்களின் எண்ணிக்கைகள் மாறக்கூடியவை; பணம் கட்டுமுன் அவரவர் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, ஐந்து சாதனம் என்று போட்டிருக்கிறார்கள். ஐந்து பேரா, ஐந்து கைப்பேசியா?

ஆட்களை யாரும் எண்ணுவதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் எண்ணுவது, ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இணைப்புகளை. செயலியைப் பத்துக் கருவிகளில் நிறுவிக்கொள்ளலாம். எந்த நொடியில் எடுத்துப் பார்த்தாலும் அவற்றில் ஐந்து மட்டுமே இணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவரே கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இணைந்திருந்தால் அது இரண்டு.

சில நிறுவனங்கள் வேறு விதமாக எண்ணுகின்றன. முல்வாட் நிறுவனத்தில் ஐந்து என்றால், கணக்கில் பதிவான ஐந்து சாதனங்கள். அவை இணைந்திருக்கின்றனவா, மேசை டிராயரில் தூங்குகின்றனவா என்பது கணக்கில்லை. உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அதைப் பொறுத்தே மாறும்.

நானும் மனைவியும் மட்டும்தான் இணைந்திருக்கிறோம். ஆனாலும் வரம்பு முடிந்துவிட்டது என்று வருகிறதே?

நீங்கள் போய்விட்டீர்கள் என்பது சர்வருக்கு இன்னும் தெரியாததுதான் காரணம். கொண்டோமினியம் வாசலில் காவலாளி வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும்போது எல்லாரும் கையெழுத்திடுகிறார்கள். வெளியே போகும்போது பலர் இடுவதில்லை. பதிவேட்டைப் பார்த்தால் அவர்கள் எல்லாரும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

பல நிறுவனங்களில் இந்தப் பதிவேட்டை வைத்திருப்பது ரேடியஸ் என்னும் சர்வர். இணைப்பு தொடங்கும்போது ஒரு செய்தியும் முடியும்போது ஒரு செய்தியும் அதற்குப் போகும். முடிவுச் செய்தி வராத வரிசைகளை எண்ணி, உங்கள் திட்டத்தின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஃப்ரீரேடியஸ் மென்பொருளில் அந்த வரம்பு ஒரே வரிதான்:

```
Simultaneous-Use := 5
```

கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துபோனால், எல்ஆர்டி ரயிலில் சிக்னல் அறுந்தால், முடிவுச் செய்தி உடனே போகாது. விபிஎன் இணைப்பை அமைக்கும் முறைகள் சில உண்டு. அவற்றில் ஒன்றான ஓபன்விபிஎன் முறையில் பரவலாக வைக்கப்படும் `keepalive 10 60` அமைப்பின்படி, பதில் வராத சாதனத்தைச் சர்வர் 120 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். இன்னொன்றான வயர்கார்டு முறையில் ‘விடைபெறுகிறேன்’ என்ற செய்தியே கிடையாது. கடைசியாகத் தற்காலிகக் குறியாக்கச் சாவி பரிமாறிக்கொண்ட நேரத்திலிருந்து 180 விநாடி கடந்தால் அந்தச் சாவி செல்லாது. அதை வைத்துத்தான் சாதனம் போய்விட்டது என்று முடிவுகட்ட முடியும். ஆகவே ஆள் போனபின்னும் பதிவில் மட்டும் நிற்கும் சாதாரணமான பேய் இணைப்பு இரண்டு மூன்று நிமிடங்களில் தானாக மறைந்துவிடும். விபிஎன் சர்வரே இடையில் விழுந்து எழுந்திருந்தால் மட்டும் பதிவு மணிக்கணக்கில் மூடப்படாமல் நிற்கலாம். அப்போது கணக்குப் பக்கத்தில் போய் எல்லா இணைப்புகளையும் வெளியேற்றுங்கள், அல்லது ஆதரவுப் பிரிவுக்கு எழுதுங்கள்.

வீட்டு வைஃபையிலிருந்து வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அது இரண்டாவது இணைப்பா?

முறையைப் பொறுத்தது. வயர்கார்டும் ஐகேஇவி2-வும் இடம் மாறினாலும் பழைய இணைப்பையே தொடரத் தெரிந்தவை. ஐகேஇவி2-வில் அதற்கென்றே மோபைக் என்ற வசதி இருக்கிறது. ஓபன்விபிஎன்னை டிசிபி வழியாகப் பயன்படுத்தினால், வலை மாறியதும் பழைய இணைப்பு அறுந்து புதிதாக ஒன்று தொடங்கும். செயலி இந்த முறை வேறொரு சர்வரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பழைய சர்வரில் உங்கள் பேய் இன்னும் உட்கார்ந்திருக்கும். தினமும் பயணத்தில் இருப்பவர்கள் செயலி அமைப்பில் வயர்கார்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பாதித் தொல்லை அதிலேயே போய்விடும்.

பழைய டேப்லட்டை விற்றே விட்டேன், ஐயா. இன்னும் அது என் கணக்கில் ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறதே?

உங்கள் நிறுவனம் முதல் விடையில் சொன்ன இரண்டாவது வகை, அதாவது பதிவான சாதனங்களை எண்ணும் வகை. இங்கே எத்தனை நிமிடம் காத்திருந்தாலும் பயனில்லை. ஒவ்வொரு சாதனமும் உள்நுழையும்போது தனக்கென ஒரு வயர்கார்டு அடையாளச் சாவியை உருவாக்கிக் கணக்கில் சேர்க்கிறது. செயலியிலிருந்து முறையாக வெளியேறினால் அந்தச் சாவி நீங்கும். தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டெடுத்து அப்படியே விற்றுவிட்டால் சாவி கணக்கிலேயே தங்கிவிடும்.

தளத்தில் உள்நுழைந்து சாதனப் பட்டியலைத் திறந்து அதை நீக்குங்கள். முல்வாட் சாதனங்களுக்கு இரு சொற்களில் வேடிக்கையான ஆங்கிலப் பெயர்களைத் தானே சூட்டிவிடும். பட்டியலில் எது யாருடையது என்று பார்த்தவுடன் விளங்காது. உங்கள் கையிலிருக்கும் ஒவ்வொரு கருவியிலும் செயலியைத் திறந்து, அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சி நிற்கும் பெயர்தான் விற்ற டேப்லட்.

ஒரே அமைப்புக் கோப்பை இரண்டு கணினியில் போட்டால் ஒரே சாதனமாகத்தானே எண்ணுவார்கள்?

ஒன்றாகத்தான் எண்ணுவார்கள், ஆனால் இரண்டும் உருப்படியாக ஓடாது. வயர்கார்டு சர்வர் ஒவ்வொரு சாவிக்கும் ஒரே ஒரு முகவரியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது: அந்தச் சாவியிலிருந்து கடைசியாகச் செய்தி வந்த முகவரியை. அலுவலகக் கணினி பேசினால் பதிலெல்லாம் அலுவலகத்துக்குப் போகும். அடுத்த நொடி வீட்டுக் கணினி பேசினால் எல்லாம் வீட்டுக்குத் திரும்பும். பதில் வராத கணினி சுமார் 15 விநாடி பொறுத்துவிட்டு மறுபடி சாவி பரிமாறி இணைப்பைத் தன் பக்கம் இழுக்கும். பிறகு மற்றது இழுக்கும்.

இதன் அறிகுறி தெளிவானது. பக்கம் சிறிது நேரம் திறக்கும், நிற்கும், மறுபடி திறக்கும். ஒரு கணினியை அணைத்தவுடன் மற்றது சீராகிவிடும். இணைய வேகம் குறைவு என்று எண்ணி ரௌட்டரை மாற்றியவர்கள்கூட உண்டு. அதற்குமுன் இரண்டு கணினியிலும் அமைப்புக் கோப்பைத் திறந்து `PrivateKey` வரியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கோப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

ரௌட்டரிலேயே போட்டுவிட்டால் வீடு முழுவதும் ஓர் இணைப்புதானே?

ஆம். ரௌட்டருக்குப் பின்னால் இருபது கருவிகள் இருந்தாலும் விபிஎன் சர்வருக்குத் தெரிவது ரௌட்டர் ஒன்றுதான். ஆனால் இணைய நிறுவனம் ஃபைபருடன் தரும் ரௌட்டரில் விபிஎன் சந்தாவைப் போடும் வசதி பெரும்பாலும் இருக்காது. தனியாக ஒன்று வாங்க வேண்டிவரும். வாங்கும்போது அதில் வயர்கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஓபன்விபிஎன் பொதுவாக ரௌட்டர் சிப்பின் ஒரே மையத்தில் ஓடக்கூடியது. மலிவான ரௌட்டரில் உங்கள் 300 எம்பிபிஎஸ் இணையம் சில பத்து எம்பிபிஎஸ்ஸாகச் சுருங்கிவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ரௌட்டரில் வெளிநாட்டைத் தேர்ந்தெடுத்தால் வீட்டில் எல்லாரும் அந்த நாட்டில் இருப்பதாகவே தெரியும். அப்பாவின் வங்கிச் செயலி திடீரென்று கூடுதல் சரிபார்ப்புக் கேட்டால் வியப்பதற்கில்லை. ரௌட்டரில் மலேசியா அல்லது சிங்கப்பூரை வைத்துவிட்டு, வேறு நாடு வேண்டியவர் தம் கருவியில் மட்டும் போட்டுக்கொள்வதே நல்லது.

என் கைப்பேசியில் விபிஎன் ஓடுகிறது. ஹாட்ஸ்பாட் போட்டால் தம்பியின் மடிக்கணினிக்கும் போகுமா?

பொதுவாகப் போகாது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஹாட்ஸ்பாட் வழியாக வரும் கருவி, விபிஎன்னைச் சுற்றிக்கொண்டு நேராக இணையத்துக்குப் போய்விடும். தம்பிக்குத் தனி இணைப்பு வேண்டும். அது எண்ணிக்கையில் சேரும்.

நாங்கள் நாலு பேர், ஆறு கருவி. திட்டமோ ஐந்து. பெரிய திட்டம் வாங்கத்தான் வேண்டுமா, அண்ணே?

செந்தூலில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கையே சொல்கிறேன். அப்பாவின் கைப்பேசி, அம்மாவின் கைப்பேசி, தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு பழைய டேப்லட் ஆகியவை வீட்டில். மகள் பினாங்கில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளிடம் ஒரு கைப்பேசி, ஒரு மடிக்கணினி. இரவு எட்டு மணிக்கு மகளால் கைப்பேசியில் இணையவே முடியவில்லை என்பதுதான் புகார். நிறுவனம் எண்ணுவது ஒரே நேர இணைப்புகளை.

கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். ஐந்து இடங்களும் நிரம்பியிருந்தன: அப்பா, அம்மா, தொலைக்காட்சி, மகளின் மடிக்கணினி, டேப்லட். டேப்லட்டை யாரும் தொடுவதே இல்லை. ஆனால் சார்ஜரில் செருகியபடி கிடந்தது. ‘எப்போதும் இணைந்திரு’ என்ற அமைப்பும் போட்டிருந்தது. அதை எடுத்ததும் மகளுக்கு இடம் கிடைத்தது. அன்றைய சிக்கல் அதோடு தீர்ந்தது.

எதிர்காலத்துக்கு ஒரு வழி வேண்டுமே என்று, மிக நெருக்கடியான நேரத்தை வைத்துக் கணக்கிட்டோம். வீட்டு ரௌட்டரில் விபிஎன் போட்டால் தொலைக்காட்சிக்கும் டேப்லட்டுக்கும் சேர்த்து ஒன்று. அப்பா வெளியில் இருந்தால் ஒன்று, அம்மா வெளியில் இருந்தால் ஒன்று, மகளுக்கு இரண்டு. மொத்தம் ஐந்து. பெரிய திட்டம் தேவைப்படவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அப்பாவும் அம்மாவும் வீட்டுக்குள் வந்ததும் அவர்கள் கைப்பேசியில் விபிஎன் அணைய வேண்டும். பல செயலிகளில் ‘நம்பகமான வலை’ என்று வீட்டு வைஃபையைக் குறித்துவைத்தால் தானாகவே அணையும். குறிக்காவிட்டால் ஒரு விபிஎன்னுக்குள் இன்னொரு விபிஎன்னாக ஓடி வேகமும் குறையும், இரண்டு இடங்களும் வீணாகும்.

சிலர் வரம்பே இல்லை என்கிறார்களே, அதையே வாங்கிவிடலாமா?

சர்ஃப்ஷார்க் போன்ற சில நிறுவனங்கள் எண்ணிக்கை வரம்பு வைப்பதில்லை. கருவிகள் நிறைய உள்ள வீட்டுக்கு அது நிம்மதிதான். ஆனால் வரம்பில்லை என்பது சாதனங்களுக்கு மட்டும். நியாயமான பயன்பாடு, சொந்தப் பயன்பாடு என்ற விதிகள் அங்கேயும் உண்டு. வாங்குவதானால், முதல் ஆண்டுச் சலுகை முடிந்தபின் புதுப்பிக்கும் விலையையும் பாருங்கள். டாலரில் காட்டும் விலைமேல், 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடாக இருக்கும் மலேசியச் சேவை வரியும் சேரலாம்.

இலவசத் திட்டத்தில் நாட்டைத் தேர்ந்தெடுக்கவே விடவில்லை. பூட்டுப் படம் போட்டிருக்கிறது. ஏன்?

இடங்களைத் திட்டத்துக்குத் திட்டம் பிரிப்பதுதான் இந்த வியாபாரத்தின் அடுத்த பாதி. புரோட்டான் இலவசத் திட்டத்தில் ஒரு சாதனம் மட்டும். நாட்டைச் செயலியே தேர்ந்தெடுக்கும். கட்டணத் திட்டத்தில் பத்துச் சாதனங்கள்; எல்லா நாடுகளும் திறக்கும். விண்ட்ஸ்கிரைப் வேறு வழியில் போகிறது. இலவசத்தில் சில நாடுகளை நாமே தேர்ந்தெடுக்கலாம், டேட்டாவுக்கு மாத வரம்பு உண்டு, சாதன எண்ணிக்கைக்கு வரம்பில்லை. கூடுதல் இடம் வேண்டுமென்றால் ஓர் இடத்துக்கு மாதம் ஒரு டாலர் என்று, குறைந்தது மூன்று டாலருக்கு வாங்கிச் சேர்க்கலாம். ஒரே ஒரு நாடுதான் தேவை என்பவர்களுக்கு இதுவே சிக்கனம்.

பூட்டிய நாட்டின் சர்வர் முகவரி எனக்குத் தெரியும். அதை நேராகப் போட்டுக்கொண்டால்?

நடக்காது. பூட்டுப் படம் செயலியில் இருந்தாலும் கதவு சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு படிநிலை எண், உங்கள் கணக்குக்கும் ஓர் எண். உள்நுழையும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, உங்கள் எண் சிறியதாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடும்.

சரியான கடவுச்சொல் போட்டும் AUTH_FAILED என்று வருகிறது. எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் எல்லாரையும் குழப்பும் செய்தி. கடவுச்சொல் தவறினாலும், இணைப்பு வரம்பு முடிந்தாலும், உங்கள் திட்டத்தில் இல்லாத இடத்தைத் தொட்டாலும், பல நிறுவனங்களின் ஓபன்விபிஎன் சர்வர் இதே ஒரு சொல்லைத்தான் திருப்பி அனுப்பும்.

வரிசையாகச் சோதியுங்கள். முதலில், உங்கள் திட்டத்தில் நிச்சயமாக உள்ள ஓர் இடத்தோடு இணைந்து பாருங்கள். இணைந்தால் சிக்கல் இடத்தில்தான், திட்டத்தைப் பாருங்கள். இணையவில்லை என்றால் மற்ற எல்லாக் கருவிகளிலும் விபிஎன்னை அணைத்துவிட்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ஏன் மூன்று என்பதைப் பேய் இணைப்பு பற்றிய விடையில் சொல்லியிருக்கிறேன். அதன்பின் இணைந்தால் காரணம் வரம்பு. அப்போதும் இல்லையென்றால் மட்டுமே கடவுச்சொல்லைச் சந்தேகியுங்கள். பல நிறுவனங்கள் ஓபன்விபிஎன்னுக்கென்று தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தருகின்றன. தளத்தில் நுழையும் மின்னஞ்சல் முகவரி அங்கே செல்லாது.

பணம் கட்டி மேல் திட்டத்துக்கு மாறிவிட்டேன். பூட்டு இன்னும் போகவில்லையே?

செயலி பழைய திட்ட விவரத்தை நினைவில் வைத்திருக்கிறது. மூடித் திறப்பது போதாது. வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். ரௌட்டரில் பழைய அமைப்புக் கோப்பு இருந்தால், தளத்திலிருந்து புதிய கோப்பை எடுத்துப் போடுங்கள். சில நேரங்களில் இரண்டு மின்னஞ்சல்களில் இரண்டு கணக்குகள் இருக்கும். ஒன்றில் பணம் கட்டி, மற்றொன்றில் நுழைந்திருப்பார்கள். அதையும் பாருங்கள்.

நூறு நாடு என்கிறார்கள். இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் உண்மையிலேயே சென்னைக்கோ மும்பைக்கோ போகிறதா?

பெரும்பாலும் இல்லை. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் ஓர் ஆணை வெளியிட்டது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி போன்ற விவரங்களை விபிஎன் நிறுவனங்கள் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது அது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் முதலியவை இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. பட்டியலில் இந்தியா இன்றும் இருப்பது மெய்நிகர் இடமாக: ஐபி முகவரி இந்தியாவுக்கு உரியது, இயந்திரம் நிற்பது சிங்கப்பூர் போன்ற வேறு இடத்தில்.

இதை வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். விபிஎன்னை அணைத்துவிட்டு, அந்தச் சர்வரின் முகவரிக்கு `ping` கட்டளையைக் கொடுங்கள்; பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று அது காட்டும். ஃபைபரில் ஒளி போய்த் திரும்ப 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி ஆகும். கோலாலம்பூரிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 2,600 கிலோமீட்டர். ஆகவே எவ்வளவு நல்ல கேபிளாக இருந்தாலும் 26 மில்லிவிநாடிக்குக் குறைய வழியே இல்லை. நடைமுறையில் அதைவிடக் கூடும். சிங்கப்பூரோ 300 கிலோமீட்டர் சொச்சம்தான். ‘இந்தியா’ சர்வர் 9 அல்லது 10 மில்லிவிநாடியில் பதில் சொன்னால் அது இந்தியாவில் இல்லை என்பது உறுதி. 60 வந்தால் இந்தியாவில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதை சுற்றிப் போனாலும் எண் கூடும். பதிலே வராவிட்டால் அந்தச் சர்வர் பிங்கை மறுப்பதாக இருக்கலாம்.

மெய்நிகர் இடம் தீமை என்று சொல்ல மாட்டேன். நமக்கு அருகில் இயந்திரம் இருப்பதால் வேகம் நன்றாகவே இருக்கும். ஆனால் உங்கள் தரவு எந்த நாட்டின் சட்டத்துக்குள் போகிறது என்பது முக்கியமானால், நாட்டின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். நேர்மையான நிறுவனங்கள் மெய்நிகர் இடங்களைப் பட்டியலிலேயே குறித்திருக்கும்.

இரண்டு நாடு வழியாகப் போகும் இரட்டை விபிஎன் போட்டால் இரண்டாக எண்ணுவார்களா? பிரௌசர் நீட்சியும் செயலியும் சேர்ந்தால்?

இரட்டை விபிஎன்னில் உங்கள் கருவி பேசுவது முதல் சர்வரோடு மட்டும். அங்கிருந்து அடுத்ததற்குப் போவது நிறுவனத்தின் சொந்தப் பாதை. ஆகவே ஒன்றுதான். ஆனால் அந்த வசதி பெரும்பாலும் மேல் திட்டத்தில்தான் திறக்கும்.

பிரௌசர் நீட்சி வேறு. அது தனியாக உள்நுழைகிறது; நிறுவனத்துக்கு நிறுவனம் எண்ணும் விதம் மாறுகிறது. செயலியை அணைத்துவிட்டு நீட்சியை மட்டும் போட்டுக் கணக்குப் பக்கத்தைப் பாருங்கள், பிறகு இரண்டையும் போட்டுப் பாருங்கள். எண் கூடினால் தனித்தனியாக எண்ணுகிறார்கள்.

காலியாக இரண்டு இடம் இருக்கிறது. ஜொகூரில் இருக்கும் மைத்துனருக்குக் கொடுக்கலாமா?

தொழில்நுட்பம் தடுக்காது, சந்தா விதி தடுக்கலாம். பல நிறுவனங்கள் கணக்கை வாங்கியவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டுமே அனுமதிக்கின்றன. விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கொடுப்பதானால் கடவுச்சொல்லையே கொடுக்க வேண்டியிருக்கும். அதை வைத்து அவர் எத்தனை கருவிகளில் நுழைந்தாலும் உங்களுக்கு அறிவிப்பு வராமல் போகலாம். அதே கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தியிருந்தால் முதலில் மாற்றுங்கள். பின்னாளில் நிறுத்த நினைத்தால் கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. ஏற்கனவே உள்நுழைந்த கருவிகளையும் கணக்குப் பக்கத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். ஓபன்விபிஎன்னுக்கான தனிக் கடவுச்சொல் இருந்தால் அதையும் புதிதாக்க வேண்டும்.